லேப்டாப் ஸ்க்ரீன்: 14 இன்ச்சா, 16 இன்ச்சா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க

எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ற தம்பி ஒருத்தர், போன வருஷம் 16 இன்ச் கேமிங் லேப்டாப் ஒண்ணு வாங்கினார். விலை 82,000 ரூபாய், 18 மாச இஎம்ஐ, மாசம் 4,500 ரூபாய்க்கு மேல. "ஸ்க்ரீன் பெருசா இருந்தா எக்ஸெல் வேலைக்கு நல்லதுதானுங்ணா?"ன்னு கேட்டார். வாங்கிட்டுதான் கேட்டார், அதனால நானும் ஒண்ணும் சொல்லல.

முதல் மாசம் கோயம்புத்தூர்ல இருந்து திருப்பூருக்கு ஆடிட்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போனார். லேப்டாப் இரண்டரை கிலோ, செங்கல் மாதிரி சார்ஜர் இன்னொரு முக்கால் கிலோ. காலையில பஸ்ல சீட்டு கிடைக்காது, தோள்ல பையோட நின்னுட்டுத்தான் போகணும். கிளையன்ட் ஆபீஸ்ல கொடுத்த இடம், வவுச்சர் ஃபைல் அடுக்கி வெச்ச மேஜையோட ஒரு மூலை. மூணாவது மாசத்துல இருந்து ஆபீஸோட பழைய லேப்டாப்பை எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சுட்டார். இஎம்ஐ மட்டும் தவறாம போயிட்டு இருக்கு.

இந்த வருஷம் புதுசா சேர்ந்த தங்கச்சி வாங்குறதுக்கு முன்னாடியே வந்து கேட்டாங்க. பட்ஜெட் 65,000. அவங்களுக்காக உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்க எழுதுறேன்.

இன்ச் எண் எதைச் சொல்லுது?

15.6 இன்ச், 14 இன்ச்ங்கறது எல்லாமே ஸ்க்ரீனோட மூலைவிட்ட அளவு. ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு. ஆனா நாம லெட்ஜரைப் பார்க்கும்போது நமக்குத் தேவைப்படுறது உயரம். ஒரே நேரத்துல எத்தனை வரி தெரியுதுங்கறதை உயரம்தான் முடிவு பண்ணும்.

இங்கதான் விகிதம் வருது. பழைய மாடல்களும் பெரும்பாலான குறைஞ்ச விலை மாடல்களும் 16:9. இப்ப நிறைய மாடல் 16:10 விகிதத்துல, கொஞ்சம் உயரமா வருது. பள்ளிக்கூடத்துல படிச்ச பிதாகரஸ் தேற்றத்தை வெச்சு நீங்களே போட்டுப் பார்க்கலாம். 15.6 இன்ச், 16:9 ஸ்க்ரீனோட உயரம் 19.4 செ.மீ. 14 இன்ச், 16:10 ஸ்க்ரீனோட உயரம் 18.8 செ.மீ. வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர்! அகலத்துலதான் 34.5 செ.மீ.க்கும் 30.2 செ.மீ.க்கும் நல்ல வித்தியாசம் இருக்கு. "14 இன்ச் ரொம்பச் சின்னது"ன்னு ஒதுக்குறவங்க, எந்த 14 இன்ச்னு முதல்ல பார்க்கணும். 16:9ல வர்ற 14 இன்ச்சோட உயரம் 17.4 செ.மீ.தான். அது நிஜமாவே சின்னது.

விகிதத்தைக் கண்டுபிடிக்க, ஸ்பெசிஃபிகேஷன்ல ரெசல்யூஷனைப் பாருங்க. 1920 x 1080ன்னா 16:9. 1920 x 1200ன்னா 16:10.

கண்ணும் இடமும் ஒரே கணக்குதான்

ரெசல்யூஷன் கூடினா நிறைய வேலை ஒரே ஸ்க்ரீன்ல தெரியும்னு கடையில சொல்வாங்க. பாதிதான் உண்மை. ஒரே அளவு ஸ்க்ரீன்ல பிக்ஸல் கூடக்கூட ஒவ்வொரு பிக்ஸலும் சின்னதாகும், எழுத்தும் சின்னதாகும். படிக்க முடியாம போயிடக்கூடாதுன்னு விண்டோஸ் எல்லாத்தையும் பெருசாக்கிக் காட்டுது. அதுக்குப் பேர் ஸ்கேலிங். `Settings > System > Display > Scale` போனா 125%, 150%ன்னு இருக்கும். 1920 x 1200 ஸ்க்ரீனை 150%ல வெச்சா உங்க வேலைக்குக் கிடைக்கிற இடம் 1280 x 800 மட்டும்தான். 125%ல வெச்சா 1536 x 960.

அப்ப எழுத்தைப் பெருசு பண்ணினா வரி குறையும், வரியைக் கூட்டினா எழுத்து சிறுக்கும். கண்ணுக்குச் சுகம் ஒரு பக்கம், வேலை பார்க்க இடம் இன்னொரு பக்கம். ரெண்டும் அந்த 18 அல்லது 19 சென்டிமீட்டருக்குள்ளதான் பங்கு பிரிச்சுக்கணும். அதிக ரெசல்யூஷன் எழுத்தோட விளிம்பைத் தெளிவாக்கும், அது நல்லதுதான். ஆனா இடத்தை உண்டாக்காது.

இதை அளக்க நான் பயன்படுத்துற வழி ரொம்பச் சாதாரணமானது. புது எக்ஸெல் ஷீட் ஒண்ணைத் திறந்து, கீழே வலது மூலையில ஜூம் 100% இருக்கான்னு பாருங்க. முதல்ல ஸ்க்ரீன்ல எத்தனை ரோ தெரியுதுன்னு எண்ணுங்க. அப்புறம் ஸ்கேலை வெச்சு பத்து ரோ எத்தனை சென்டிமீட்டர் உயரம்னு அளங்க. முதல் எண் உங்க இடம், ரெண்டாவது எண் உங்க கண்ணு.

ரிப்பன், ஃபார்முலா பார், கீழே டாஸ்க்பார் எல்லாம் சேர்ந்து சுமார் 300 பிக்ஸல் உயரத்தைச் சாப்பிட்டுடும். ஒரு ரோ 20 பிக்ஸல். இதை வெச்சுக் கணக்குப் போட்டா ஏறக்குறைய இப்படி வரும்:

| ஸ்க்ரீன் | ஸ்கேலிங் | தெரியும் ரோ | பத்து ரோ உயரம் |
|---|---|---|---|
| 14 இன்ச், 1920 x 1200 | 150% | 25 | 4.7 செ.மீ. |
| 14 இன்ச், 1920 x 1200 | 125% | 33 | 3.9 செ.மீ. |
| 15.6 இன்ச், 1920 x 1080 | 125% | 28 | 4.5 செ.மீ. |
| 16 இன்ச், 1920 x 1200 | 125% | 33 | 4.5 செ.மீ. |
| 24 இன்ச் மானிட்டர், 1920 x 1080 | 100% | 39 | 5.5 செ.மீ. |

மூணாவது வரியை முதல் வரியோட ஒப்பிட்டுப் பாருங்க. 15.6 இன்ச்சுக்கு மாறினா கூடுதலா கிடைக்கிறது மூணு ரோ, அதுவும் எழுத்து கொஞ்சம் சிறுத்து. `Ctrl+F1` அழுத்தி ரிப்பனை மடக்கி வெச்சாலே நாலஞ்சு ரோ கூடிடும், அதுக்குக் காசு கிடையாது. 16 இன்ச்சுல உண்மையிலேயே நல்ல வித்தியாசம் இருக்கு, மறுக்கல. ஆனா கடைசி வரி எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுது. வரியும் அதிகம், எழுத்தும் பெருசு.

என்னோட கண்ணுக்கு 4.5 செ.மீ.க்குக் கீழே போனா, சாயங்காலம் நாலு மணிக்கு மேல 6க்கும் 8க்கும் தடுமாற்றம் வருது. இது ஆளுக்கு ஆள் மாறும். உங்க எண் என்னன்னு தெரிஞ்சுக்க, இப்ப நீங்க வசதியா வேலை பார்க்கிற ஸ்க்ரீன்ல அளந்து பாருங்க. அதைக் குறிச்சு வெச்சுட்டுக் கடைக்குப் போங்க. கடையில நாம நின்னுட்டே, பளிச்சுன்னு இருக்கிற லைட்டுல, குனிஞ்சு பார்ப்போம். அங்க எல்லா ஸ்க்ரீனும் நல்லாத்தான் இருக்கும். டெமோ பீஸை மேஜையில வெச்சு, உட்கார்ந்து, ரெண்டு கையையும் கீபோர்டு மேல வெச்சுப் பாருங்க. தலை தானா முன்னாடி போகுதுன்னா எழுத்து சின்னதா இருக்குன்னு அர்த்தம். வீட்டுலயும் அதேதான் நடக்கும், அஞ்சு மணி நேரத்துக்கு. அப்புறம் கழுத்து வலிக்கும், நாம நாற்காலியைக் குறை சொல்லுவோம்.

தூரம்னு ஒண்ணு இருக்கு

லேப்டாப்ல ஸ்க்ரீனும் கீபோர்டும் ஒட்டியே இருக்கு. கை எட்டணும்னா கண்ணுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல சுமார் 50 செ.மீ.தான் இருக்கும். மானிட்டரை 65, 70 செ.மீ. தள்ளி வெச்சுக்கலாம்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். 70 செ.மீ. தூரத்துல இருக்கிற மானிட்டரோட 5.5 செ.மீ.யும், 50 செ.மீ. தூரத்துல இருக்கிற 14 இன்ச்சோட 3.9 செ.மீ.யும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவாத்தான் தெரியும். அப்ப மானிட்டர்ல என்ன லாபம்? கிட்டக்க இருக்கிறதைப் பார்க்க கண் கூடுதலா மெனக்கெடணும். தள்ளி வைக்கும்போது அந்த உழைப்பு குறையும், தலையும் குனியாது. எழுத்து இன்னும் பெருசா வேணும்னா மானிட்டரை 60 செ.மீ.க்கு இழுத்துக்கலாம். லேப்டாப்ல இப்படி நகர்த்திக்க வழியில்ல.

நாற்பது வயசு தாண்டினவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். வெள்ளெழுத்து ஆரம்பிச்சா முதல்ல அடிபடுறது அந்த 40, 50 செ.மீ. தூரம்தான். எங்க அப்பாவுக்கு லேப்டாப் பார்க்கும்போது நான் ஸ்க்ரீன் அளவை விட்டுட்டு, ஸ்கேலிங்கை 150%ல வெச்ச பிறகு எத்தனை வரி மிஞ்சுதுன்னுதான் பார்த்தேன். 15.6 இன்ச், 16:9ல 150% வெச்சா 21 ரோதான் மிஞ்சும். மேலே கீழே தள்ளிட்டே இருக்கணும். அவங்க வீட்டை விட்டு எடுத்துட்டுப் போறதே இல்லைங்கறதால 16 இன்ச் 16:10 சரியா இருந்தது. புரொக்ரஸிவ் கண்ணாடி போடுறவங்க மானிட்டர் வாங்கினா, அதை வழக்கத்தைவிடத் தாழ்வா வெச்சுக்கணும். அவங்க கண்ணாடியோட கீழ்ப்பகுதி வழியாத்தான் பார்ப்பாங்க, மானிட்டர் உயரமா இருந்தா தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போயிடும்.

ஒரு விஷயம்: கண் எரிச்சலுக்கு எல்லாத்துக்கும் ஸ்க்ரீன் அளவு காரணம் இல்ல. உத்துப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறதே குறைஞ்சுடும், ஏசி ரூம்ல கண் இன்னும் காயும். அதுக்கு எத்தனை இன்ச் வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல, நடுநடுவுல தூரமா ஜன்னல் வெளியே பார்க்கணும். தலைவலி தொடர்ந்து இருந்தா கடைக்குப் போறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட போங்க.

ரெண்டு விண்டோ பக்கத்துல பக்கத்துல

எங்க தொழில்ல பாதி வேலை ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான். இடது பக்கம் இன்வாய்ஸ் பிடிஎஃப், வலது பக்கம் பர்சேஸ் ரெஜிஸ்டர். ஒரு ஏ4 பக்கத்தை 100% அளவுல முழு அகலத்துக்குக் காட்ட சுமார் 794 பிக்ஸல் வேணும். 14, 15.6, 16 இன்ச் எதுவா இருந்தாலும் 125%ல ஸ்க்ரீன் அகலம் 1536தான், பாதியாப் பிரிச்சா 768. ஏ4 உட்காராது, கொஞ்சம் சுருக்கணும். 150%ல பாதி 640தான், அதுல நிறைய வெப்சைட் மொபைல் மாதிரி மாறிடும், இல்லன்னா பக்கவாட்டுல தள்ளித் தள்ளிப் பார்க்கணும். 24 இன்ச் மானிட்டர்ல பாதி 960. ஏ4 அப்படியே உட்காரும்.

இடம் இல்லாதப்ப நாம என்ன பண்றோம்? `Alt+Tab` அடிச்சு மாத்தி மாத்திப் பார்க்கிறோம். நடுவுல அந்தத் தொகையை மனசுல தூக்கிட்டு வரணும். 48,650ஐ 46,850ன்னு பதிவு பண்றது பெரும்பாலும் இந்த இடைவெளியிலதான். வித்தியாசம் 1,800, ஒன்பதால வகுபடும். அப்படி வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கலாம்னு அக்கவுன்டன்ட்ஸ் எல்லாருக்கும் தெரியும், ஆனா அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் போற நேரம் நம்ம நேரம்தானே.

தங்கச்சிக்குப் போட்ட கணக்கு

அவங்க வாரத்துல நாலு நாள் கிளையன்ட் இடத்துல, மத்த நேரம் வீட்டுல பரீட்சைக்குப் படிப்பு. கடையில வாங்கின கொட்டேஷன்படி ரெண்டு வழி இருந்தது.

முதல் வழி: 16 இன்ச், 16:10, 62,000 ரூபாய். எடை 1.9 கிலோ, சார்ஜரோட 2.3 கிலோ.

ரெண்டாவது வழி: 14 இன்ச், 16:10, 52,000 ரூபாய். சார்ஜரோட 1.7 கிலோ. வீட்டு மேஜைக்கு 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் 8,500. தனி கீபோர்டு, மவுஸ் 1,200. எச்டிஎம்ஐ கேபிள் 300. மொத்தம் அதே 62,000.

எடையில 600 கிராம் வித்தியாசம், ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டிலைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு நாளைக்குப் பெருசா தெரியாது. ஆனா எடையைவிட அகலம்தான் அதிகம் தொந்தரவு பண்ணும். 16 இன்ச் மெஷினோட உடம்பு 36 செ.மீ. பக்கம் இருக்கும், சாதாரணப் பையில திணிக்கணும். பஸ்ல, ரயில்ல முன் சீட்டு சாய்ஞ்சிருந்தா மூடியைச் சரியாத் திறக்கக்கூட முடியாது. கிளையன்ட் மேஜை மூலையில அதை வெச்சா வவுச்சர் ஃபைலை மடியில வெச்சுக்கணும்.

ரெண்டாவது வழியில குறையும் இருக்கு. கிளையன்ட் இடத்துல 14 இன்ச் மட்டும்தான், அங்க 25 ரோவோட மல்லுக்கட்டணும். நம்பர் பேடும் இருக்காது. டாலியில நாள் முழுக்க என்ட்ரி போடுறவங்களுக்கு அது பெரிய குறை. தனி யுஎஸ்பி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, இடது கை பக்கம்கூட வெச்சுக்கலாம். பெரிய லேப்டாப்ல நம்பர் பேட் இருக்கிறதால எழுத்துக் கீபோர்டு இடது பக்கமா தள்ளிப் போயிடும், நாம ஸ்க்ரீனோட நடுவுக்கு நேரா உட்காராம கொஞ்சம் திரும்பியே உட்காருவோம். இதையும் யாரும் கடையில சொல்றதில்ல. அப்புறம், லேப்டாப் 150%லயும் மானிட்டர் 100%லயும் இருக்கும்போது, சில பழைய சாஃப்ட்வேர் விண்டோவை அங்க இருந்து இங்க இழுத்தா எழுத்து மங்கலா தெரியும். மூடிட்டு மானிட்டர்லயே திரும்பத் திறந்தா பெரும்பாலும் சரியாயிடும்.

பணக் கணக்குல ரெண்டாவது வழிக்கு ஒரு சாதகம் உண்டு. நாலஞ்சு வருஷத்துல லேப்டாப்பை மாத்துவோம், பேட்டரி போகும், வேகம் குறையும். மானிட்டர்ல பேட்டரியும் இல்ல, பழசாகிப் போற புராசஸரும் இல்ல. அடுத்த லேப்டாப்புக்கும் அதே மானிட்டர் வேலை செய்யும். 16 இன்ச்சுக்குக் கூடுதலாக் கொடுத்த 10,000 ரூபாய் அந்த மெஷினோடவே போயிடும்.

அவங்க ரெண்டாவது வழியை எடுத்தாங்க. இதுவே அவங்க வாரத்துல ஒரு நாள் மட்டும் வெளியே போறவங்களா இருந்து, ஹாஸ்டல்ல மேஜை வைக்க இடமில்லாம இருந்தா, நான் 16 இன்ச் பக்கம்தான் சாய்ஞ்சிருப்பேன். மானிட்டர் வைக்க நிரந்தரமா ஒரு மேஜை இல்லாதவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வீடியோ எடிட்டிங், கேமிங் பண்றவங்களுக்கு உள்ளே சூடு வெளியேற இடம் வேணும், அதனால பெரிய உடம்பு தேவைப்படுது, அங்க ஸ்க்ரீன் ரெண்டாம்பட்சம்.

வரிப் பக்கம்

சம்பளம் வாங்குறவங்க சொந்தக் காசுல வாங்கினா, வரியில கழிக்க வழி இல்ல. ஸ்டைபண்டு வாங்குற தங்கச்சிக்கும் அதே கதை. சொந்தத் தொழில் பண்றவங்க, ஜிஎஸ்டி பதிவு வெச்சிருந்து வழக்கமான முறையில வரி கட்டினா, தொழிலுக்கு வாங்கின லேப்டாப், மானிட்டர் மேல 18% இன்புட் கிரெடிட் எடுக்கலாம். பில்லுல உங்க ஜிஎஸ்டி எண் இருக்கணும். அது இல்லாம பில் போட்டுட்டு அப்புறம் ஓடி வர்றவங்கதான் அதிகம். 62,000ல சுமார் 9,450 ரூபாய் வரி. மிச்சம் சுமார் 52,550 மேல கம்ப்யூட்டருக்கான தேய்மானம் 40%, முதல் வருஷம் சுமார் 21,000 ரூபாய். கிரெடிட் எடுத்த வரித்தொகை மேல தேய்மானமும் சேர்த்துப் போடக்கூடாது. அந்த நிதியாண்டுல 180 நாளைக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா முதல் வருஷம் பாதிதான், 20%. கம்ப்யூட்டரோட சேர்த்துப் பயன்படுத்துற மானிட்டரும் பொதுவா அதே பிளாக்குல வரும். வருமானத்துல ஒரு சதவீதத்தை லாபமாக் காட்டுற அனுமான முறையில இருக்கிறவங்களுக்குத் தேய்மானம் தனியாக் கிடையாது, அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அடங்கிடும்.

முதல்ல சொன்ன தம்பியோட லேப்டாப் இப்ப வீட்டு மேஜையில டெஸ்க்டாப் மாதிரி இருக்கு. ஸ்கேலிங்கை 125%ல வெச்சு, கொஞ்சம் உயரமான ஸ்டாண்டுல தூக்கி, தனி கீபோர்டு போட்டுக் கொடுத்தோம். திருப்பூருக்கு இன்னும் ஆபீஸ் லேப்டாப்தான். இஎம்ஐ இன்னும் ஏழு பாக்கி.